பீஸ் ரேட் எங்கே தப்புகிறது?

திருப்பூரில் சின்ன பனியன் கம்பெனி நடத்துகிறவர்கள் அடிக்கடி சொல்லும் குறை, "நல்ல டெய்லர் நிலைக்க மாட்டேங்கிறாங்க" என்பது. பக்கத்துக் கம்பெனியில் பத்துப் பைசா கூடக் கொடுக்கிறார்கள் என்றால் போய்விடுகிறார்களாம். பத்துப் பைசாவுக்காக மட்டும் யாரும் பழகிய மெஷினை விட்டு எழுந்து போவதில்லை. பீஸ் ரேட்டை எப்படிப் போட்டோம் என்பதிலேயே பெரும்பாலும் கோளாறு தொடங்குகிறது.

டி-ஷர்ட்டுக்குக் கழுத்துப் பட்டி வைத்துத் தைக்கும் வேலையை எடுத்துக்கொள்வோம். கடிகாரத்தை வைத்துக்கொண்டு, கம்பெனியிலேயே வேகமான டெய்லர் பக்கத்தில் நின்று கணக்கெடுத்தால் ஒரு பீஸுக்கு 30 விநாடி வரும். நடுத்தர வேகக்காரருக்கு 40 விநாடி ஆகும். பண்டல் அவிழ்ப்பது, நூல் மாற்றுவது, ஊசி உடைவது, தண்ணீர் குடிக்க எழுவது எல்லாவற்றுக்கும் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தால் 48 விநாடி. அப்படியானால் மணிக்கு 75 பீஸ், எட்டு மணி நேர ஷிப்டுக்கு 600. அந்த வேலைக்கு நாள் கூலி 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பீஸுக்கு ஒரு ரூபாய் வர வேண்டும்.

வேகமானவரின் 30 விநாடியை அளவாக வைத்தவருக்கு, இதே கணக்கில் ரேட் 75 பைசாவாக இறங்கிவிடும். மற்ற டெய்லர்கள் நாள் முழுக்கக் குனிந்து தைத்தாலும் 450 ரூபாய்தான் பார்ப்பார்கள். நாள் கணக்கில் மட்டும் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்திருக்கும் வேலையில், பீஸ் ரேட்டில் தைப்பவருக்கும் அந்தத் தொகைக்குக் குறையக் கூடாது என்பது சட்டம்.

இன்னொரு தப்பும் நடக்கிறது. ஒருவர் பழகிப்போய் 800 பீஸ் தைத்து 800 ரூபாய் வாங்கினால், முதலாளிக்குக் கண் உறுத்தி அடுத்த ஆர்டரில் ரேட்டைக் குறைப்பார். ஒரு தடவை இப்படிச் செய்தால் போதும், அதற்குப் பிறகு எந்த டெய்லரும் கை வேகத்தைக் காட்ட மாட்டார். தைக்கும் முறையோ மெஷினோ மாறாதவரை போட்ட ரேட்டைத் தொடாதீர்கள்.

ரேட் சரியாக இருந்தும் ஆள் போகிறதென்றால், பண்டல் வரும் நேரத்தைப் பாருங்கள். கட்டிங் தாமதம், கரன்ட் போய்விட்டது, பட்டித் துணியின் கலர் ஒத்துவரவில்லை என்று ஒன்றரை மணி நேரம் சும்மா உட்கார்ந்த டெய்லருக்கு அன்றைக்கு 487 ரூபாய்தான் தேறும். தாமதம் அவரால் வரவில்லை, நஷ்டம் மட்டும் அவர் தலையில். காத்திருந்த நேரத்துக்கு மணிக்கு 75 ரூபாய் என்று எழுதிக் கொடுத்தால் 600 நிறைந்துவிடும். புது ஸ்டைல் இறங்கும் முதல் நாளும் கை ஓடாது, அன்றைக்கு ஷிப்ட் கூலி கொடுப்பதே நியாயம். நன்றாகத் தைப்பவருக்குச் சும்மா இருப்பதில்தான் இழப்பு அதிகம். அதனால் முதலில் கிளம்புவதும் அவரே.

அடுத்தது அட்வான்ஸ். பள்ளிக்கூடக் கட்டணம், கல்யாணம், ஆஸ்பத்திரி என்று கேட்பார்கள், கொடுக்கத்தான் வேண்டும். வாரம் 3,600 ரூபாய் வாங்குகிறவருக்கு 20,000 கொடுத்து, வாரம் 500 பிடித்தால் நாற்பது வாரத்தில் தீரும், அவர் வீட்டிலும் அடுப்பு எரியும். அவசரப்பட்டு 1,500 பிடித்தால், மீதி 2,100 வாடகைக்கும் அரிசிக்கும் போதாமல் அவர் வாரவட்டிக்காரரிடம் போவார். பிறகு வேறொரு கம்பெனியில் பெரிய அட்வான்ஸ் வாங்கி உங்கள் கடனை அடைத்துவிட்டு அங்கே போய்விடுவார். கூலியில் எல்லாப் பிடித்தமும் சேர்த்துப் பாதியைத் தாண்டக் கூடாது என்று ஊதியச் சட்டத் தொகுப்பு வரம்பு வைத்திருக்கிறது, ஆனால் வீட்டுச் செலவைப் பார்த்தால் ஏழில் ஒரு பங்கே தாங்கக்கூடிய அளவு. வாங்கியது, பிடித்தது, பாக்கி மூன்றையும் இரண்டு நோட்டில் எழுதி, ஒன்றை அவரிடமே கொடுத்துவிட வேண்டும். வாய்க்கணக்கில்தான் சண்டை வரும்.

அட்வான்ஸ் கொடுத்தால் ஆள் ஓட மாட்டார் என்று நினைப்பது ஆபத்தான எண்ணம். கடனைக் காட்டி, வேறிடத்தில் வேலைக்குப் போகக் கூடாது என்று ஒருவரை நிறுத்தினால், அது 1976-ம் ஆண்டுச் சட்டப்படி கொத்தடிமை முறை. சிறைத் தண்டனை உண்டு, அந்தக் கடனும் செல்லாது. ஆதார் அட்டையை வாங்கி வைப்பது, ஒரு வாரக் கூலியைக் கையிருப்பாக நிறுத்துவது எல்லாம் அந்தப் பாதையில் கொண்டுபோய் விடும்.

போகிறேன் என்பவருக்குக் கூலியை இரண்டு வேலை நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும் என்பதும் சட்டமே. அட்வான்ஸ் பாக்கி இருந்தால் நோட்டைப் பார்த்து, எத்தனை தவணையில் தருகிறார் என்று பேசி எழுதிக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போய்த் திரும்பும் டெய்லர், எந்தக் கம்பெனி வாசலில் ஏறுவது என்று முடிவெடுக்கும்போது இந்தக் கணக்கும் அவர் நினைவில் இருக்கும்.