‘சம்மதம், ஆனால்…’

ஒப்பந்தச் சட்டத் தேர்வில் அடிக்கடி வரும் வினா இது. விற்பவர் விலை சொல்கிறார். வாங்குபவர் “சம்மதம், ஆனால்…” என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்துப் பதில் எழுதுகிறார். ஒப்பந்தம் உருவானதா? நான்கு விடைகளில் ‘உருவானது, ஏனெனில் சம்மதம் என்று எழுதிவிட்டார்’ என்பதுதான் பலரையும் கவிழ்க்கும்.

1840-இல் இங்கிலாந்தில் ரெஞ்ச் என்பவர் தன் பண்ணையை 1,000 பவுனுக்குத் தருவதாக ஹைடிடம் சொன்னார். ஹைட் 950 என்று பேரம் பேசினார். ரெஞ்ச் மறுத்ததும், “சரி, ஆயிரமே தருகிறேன்” என்று எழுதினார். ரெஞ்ச் அசையவில்லை. ஒப்பந்தமே இல்லை என்றது நீதிமன்றம். 950 என்றது எதிர்முன்மொழிவு. அது முதல் முன்மொழிவைக் கொன்றுவிட்டது. செத்ததை ஏற்க முடியாது.

இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 7-ஆம் பிரிவும் ஏற்பு முழுமையானதாக, நிபந்தனையற்றதாக இருக்க வேண்டும் என்கிறது.

ஆனால் எல்லா ‘ஆனாலு’ம் கொல்லாது. 1880-இல் தீர்ப்பான ஸ்டீவன்சன் எதிர் மெக்லீன் வழக்கில், டன்னுக்கு 40 ஷில்லிங் ரொக்கம் என்று இரும்பு விற்பனைக்கு வந்தது. இரண்டு மாதத்தில் டெலிவரி எடுக்கலாமா என்று வாங்குபவர் தந்தியில் கேட்டார். பதில் வராததால் சொன்ன விலைக்கே ஏற்றார். அதற்குள் விற்பவர் வேறொருவருக்கு விற்றிருந்தார். முன்மொழிவைத் திரும்பப் பெறும் தந்தியோ ஏற்புக்குப் பிறகே வந்தது. தந்தி வெறும் விசாரிப்பு, ஆகவே ஒப்பந்தம் செல்லும் என்றது தீர்ப்பு.

வினாவில் பதில்கடிதத்தின் வினைச்சொல்லைப் பாருங்கள்: கேட்கிறாரா, விதிக்கிறாரா? கூடவே கடைசி வரியையும் விடாதீர்கள். புதிய நிபந்தனையைப் பார்த்தபின் விற்பவர் சரக்கை அனுப்பிவிட்டால், பெரும்பாலும் அந்த நிபந்தனையோடுதான் ஒப்பந்தம்.