ஐந்து சதவீதம்தானே என்று கேட்டால்

கொட்டேஷன் அனுப்பிச் சில நாள் கழித்துப் பதில் வருகிறது. மாதிரி நன்றாக இருக்கிறதாம். விலையில் 5 சதவீதம் குறைத்து, பணத்தை 30 நாளுக்குப் பதிலாக 90 நாளில் வாங்கிக்கொள்ளச் சம்மதித்தால் உடனே ஆர்டர் போட்டுவிடலாமாம். கோவையில் பம்ப் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் ஒரு சிறிய பட்டறைக்கு இப்படி ஒரு மின்னஞ்சல் வந்ததாக வைத்துக்கொள்வோம். புது வாடிக்கையாளர், பெரிய பெயர். முதலாளியின் கை "சரி சார்" என்று தட்டச்சு செய்யத் துடிக்கும்.

அதற்கு முன் ஒரு கணக்குப் போட வேண்டும். ஷாஃப்ட் ஒன்று 200 ரூபாய், மாதம் 5,000 ஷாஃப்ட். கம்பி, கூலி, மின்சாரம், வண்டி வாடகை எல்லாம் சேர்த்து அடக்கம் 176 ரூபாய். மீதி 24 ரூபாய். 5 சதவீதம் என்பது 10 ரூபாய். அது போவது விலையிலிருந்து அல்ல, இந்த 24 ரூபாயிலிருந்து. நிற்பது 14. பழைய மொத்த லாபத்தையே திரும்ப எடுக்க வேண்டுமானால் ஏறக்குறைய 70 சதவீதம் அதிகச் சரக்கு ஓட்ட வேண்டும்.

தவணையும் இலவசம் இல்லை. வங்கியின் ஓவர்டிராஃப்டுக்கு ஆண்டு வட்டி 12 சதவீதம் என்றால் மாதம் ஒன்று. கூடுதலாகக் கேட்கும் 60 நாளுக்கு 2 சதவீதம், ஷாஃப்டுக்குச் சுமார் 4 ரூபாய். ஆக, 24 ரூபாய் 10 ரூபாயாகச் சுருங்குகிறது. அது மட்டுமா? மாதம் 10 லட்சம் ரூபாய்க்குச் சரக்குப் போகும் இடத்தில், 30 நாள் தவணையில் வெளியே நிற்பது 10 லட்சம், 90 நாளில் 30 லட்சம். அந்த 20 லட்சத்துக்கு வங்கி வரம்பு இருக்கிறதா என்பது லாபத்தைவிடப் பெரிய கேள்வி. லாபக் கணக்கு சரியாக இருந்தும் சனிக்கிழமை கூலி கொடுக்கத் திணறும் பட்டறைகள் இந்த இடத்தில்தான் சிக்குகின்றன.

கேட்பவரைக் குறை சொல்லவும் முடியாது. தவணையை நீட்டுவது பெரிய நிறுவனங்களின் கொள்கை முடிவு. 2013-ல் அமெரிக்காவின் புரொக்டர் அண்ட் கேம்பிள் சப்ளையர்களுக்குப் பணம் கொடுக்கும் காலத்தை 75 நாளாக நீட்டியது. முன்கூட்டியே வேண்டுபவர்கள் வட்டியைக் கழித்துக்கொண்டு வங்கியிடம் வாங்கிக்கொள்ளவும் வழி செய்தது. கடிதம் எழுதும் பர்ச்சேஸ் மேனேஜருக்கு இது மேலிருந்து வந்த கட்டளையாக இருக்கலாம். எனவே பதிலில் கோபமும் வேண்டாம், "நாங்கள் சின்ன ஆட்கள், கட்டுப்படியாகாது சார்" என்ற புலம்பலும் வேண்டாம். புலம்பினால் அடுத்து அடக்க விலைப் பட்டியலை அனுப்பச் சொல்வார்கள். அனுப்பிவிட்டால் ஒவ்வொரு வரியிலும் பேரம் தொடங்கிவிடும்.

நல்ல பதில் "முடியாது" என்று நிற்காமல் இரண்டு மூன்று வழிகளை முன்வைக்கும். எந்த வழியைத் தேர்ந்தாலும் பட்டறைக்கு அதே 24 ரூபாய் நிற்கும்படி முன்பே கணக்கிட்டிருக்க வேண்டும். வணிகக் கடிதம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் போகும் என்றாலும், உள்ளடக்கம் இப்படி இருக்கலாம்:

"வணக்கம் சார். எங்கள் மாதிரியைப் பரிசோதித்து ஏற்றதற்கு நன்றி. நீங்கள் கேட்ட மாற்றங்களைப் பரிசீலித்தோம். விலை, அளவு, தவணை மூன்றும் ஒன்றோடொன்று சேர்ந்தவை என்பதால் மூன்று வழிகளைத் தருகிறோம்.

ஒன்று, ஏற்கெனவே தந்தபடி 200 ரூபாய், 30 நாள். இரண்டு, 201 ரூபாய், 45 நாள். மூன்று, 196 ரூபாய், பணம் 7 நாளில், மாதம் குறைந்தது 8,000 ஷாஃப்ட். சலுகை விலை அந்த அளவு நிறைவேறும் காலாண்டுகளுக்கு மட்டும் பொருந்தும்.

நாங்கள் உத்யம் பதிவு பெற்ற சிறு நிறுவனம் என்பதால் 45 நாளுக்கு மேற்பட்ட தவணையை ஒப்பந்தத்தில் சேர்க்க இயலவில்லை. இந்த விலைகள் இம்மாத இறுதிவரை செல்லும். பர்ச்சேஸ் ஆர்டரை நாங்கள் எழுத்தில் ஏற்ற பின்பே ஒப்பந்தம் உறுதியாகும். எந்த வழி உங்களுக்கு வசதி என்று சொன்னால் அதன்படி திருத்திய கொட்டேஷன் அனுப்புகிறோம்."

மூன்றாவது வழியில் 4 ரூபாய் எங்கிருந்து வந்தது? பணம் 23 நாள் முன்னால் வருவதால் வட்டியில் ஒன்றரை ரூபாய் மிச்சம். 8,000 ஒரே ஓட்டமாக ஓடினால் மெஷின் செட்டிங் செலவு பரவலாகி இரண்டரை ரூபாய் மிச்சம் என்று பட்டறை கணக்கிட்டிருக்கிறது. அடக்கம் 172-க்கு இறங்குகிறது, 24 அப்படியே நிற்கிறது. ஆனால் அளவைக் காட்டி விலை குறைப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 8,000 என்று சொல்லி விலையை வாங்கிக்கொண்டு, 3,000 என்று ஆர்டர் போடுவார்கள். அதற்கு ஒரு மாற்று உண்டு. பில்லை 200 ரூபாய்க்கே போட்டுவிட்டு, காலாண்டு முடிவில் அளவு எட்டியிருந்தால் வித்தியாசத்துக்குக் கிரெடிட் நோட் கொடுப்பது. ஜிஎஸ்டியில் இதை எப்படிக் காட்டுவது என்று ஆடிட்டரிடம் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

45 நாள் வரம்பு பட்டறைக்காரர் கண்டுபிடித்ததல்ல. குறு, சிறு மற்றும் நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006, குறு, சிறு நிறுவனங்களிடம் சரக்கு வாங்குபவர், அதை ஏற்ற நாளிலிருந்து 45 நாளைத் தாண்டிப் பணம் கொடுப்பதாக ஒப்பந்தம் போடக்கூடாது என்கிறது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. அந்த வட்டியைக் கேட்டு வாங்கிவிட்டு அடுத்த ஆர்டரையும் எதிர்பார்ப்பது கடினம் என்பது வேறு கதை. வாங்குபவரின் கணக்குப் பிரிவை அதிகம் அசைப்பது, 2023 நிதிச் சட்டம் வருமான வரியில் கொண்டுவந்த விதி. காலம் கடந்து கொடுத்த தொகையை, உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் கழிக்க முடியும். அதனால்தான் கடிதத்தில் சட்டப் பிரிவைச் சொல்லி மிரட்டத் தேவையில்லை. உத்யம் பதிவைக் குறிப்பிட்டாலே போதும், விஷயம் உரிய மேஜைக்குப் போய்விடும். நடுத்தர நிறுவனங்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

"எழுத்தில் ஏற்ற பின்பே" என்ற வரியைச் சம்பிரதாயம் என்று விட்டுவிடக் கூடாது. டிரைமெக்ஸ் என்ற நிறுவனத்துக்கும் வேதாந்தா அலுமினியத்துக்கும் பாக்சைட் சப்ளை தொடர்பாக எழுந்த வழக்கில், முறையான ஒப்பந்தத்தில் கையெழுத்தாகாவிட்டாலும், மின்னஞ்சல்களிலேயே ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படியானால் அவசரத்தில் தட்டும் "சரி சார்" என்ற இரண்டு சொல்லும் பட்டறையைக் கட்டிப்போடக்கூடும்.

கடிதம் போன பிறகும் வேலை இருக்கிறது. இரண்டாவது வழிக்குச் சம்மதம் என்று பதில் வந்து, பர்ச்சேஸ் ஆர்டரும் வரும். முதல் பக்கத்தில் 201 ரூபாய் சரியாக இருக்கும். பொது நிபந்தனைகள் அச்சிட்ட கடைசிப் பக்கத்திலோ "90 நாள்" பழையபடி உட்கார்ந்திருக்கும். யாரும் திட்டமிட்டுச் செய்திருக்க வேண்டியதில்லை, அந்த நிறுவனத்தின் நிரந்தரப் படிவமே அப்படித்தான். அதைக் கவனிக்காமல் சரக்கை அனுப்பினால், அந்த நிபந்தனைகளை ஏற்றுத்தான் அனுப்பினீர்கள் என்று பின்னால் வாதிட இடம் கிடைக்கும். முதல் லாரி கிளம்பும் முன்பே, "ஆர்டருக்கு நன்றி. தவணை 45 நாள் என்று பேசியபடி திருத்திய ஆர்டர் அனுப்பிவைக்கவும், கிடைத்ததும் உற்பத்தியைத் தொடங்குகிறோம்" என்று ஒரு பதில் போக வேண்டும்.