கால் தாழும் நீச்சலாளருக்கான பிளட்டர் உதை

பிளட்டர் உதை என்பது இரு கால்களையும் மாற்றி மாற்றி மேலும் கீழும் அசைக்கும் நீச்சல் முறையாகும். குப்புற நீந்தும் பிரீஸ்டைலிலும் மல்லாந்து நீந்தும் பேக்ஸ்ட்ரோக்கிலும் இது பயன்படுகிறது. நீந்தும்போது கால் கீழே தாழ்பவர்கள் பெரும்பாலும் இன்னும் வேகமாக உதைத்து அதைச் சரிசெய்ய முயல்கின்றனர். இதனால் மூச்சு வாங்குமே தவிர, கால் மேலே வருவது அரிது.

கால் தாழ்வதன் காரணம்

காற்று நிறைந்த நுரையீரல் மார்பில் இருப்பதால், உடலை மேலே தூக்கும் மிதப்பு விசை மார்பை ஒட்டிய பகுதியில் செயல்படுகிறது. உடலின் எடை மையமோ அதைவிடக் கீழே, இடுப்பை ஒட்டி அமைந்துள்ளது. இவ்விரண்டும் ஒரே இடத்தில் இல்லாததால், உடல் தராசுத்தண்டு போலச் சாய்ந்து கால் பக்கம் இறங்குகிறது. கொழுப்புக் குறைந்து, கால் தசைகள் திரண்டவர்களிடம் இச்சாய்வு அதிகம்.

தலையைத் தூக்கினால் சாய்வு மேலும் கூடுகிறது. நீருக்கு வெளியே வந்த தலையின் எடையை நீர் தாங்குவதில்லை. அந்தச் சுமையும் உடல்மீதே விழுகிறது. ஆகவே முகத்தை நீரில் வைத்து, குளத்தின் தரையைப் பார்ப்பதே முதல் திருத்தம். உதை அதற்கு அடுத்ததுதான்.

உதையின் அமைப்பு

உதை இடுப்பு மூட்டில் தொடங்க வேண்டும். தொடை முதலில் இறங்க, முழங்கால் சற்றே மடங்கிப் பின் நிமிர, பாதம் சாட்டையின் நுனி போலக் கடைசியில் நீரைத் தள்ளுகிறது. காலை மேலே கொண்டுவரும்போது முழங்கால் ஏறக்குறைய நேராக இருக்கும். குதிகால் நீர்ப்பரப்பைத் தொட்டால் போதும். கால் முழுதும் வெளியே வந்து நீரை அடித்தால், அந்த அடி காற்றில் வீணாகிறது. இரு பாதங்களுக்கும் இடையே ஏறத்தாழ ஓர் அடி இடைவெளி போதுமானது.

கணுக்கால் தளர்ந்து, விரல்கள் பின்னோக்கி நீண்டிருக்க வேண்டும். நிற்பதுபோல் பாதம் மடங்கியிருந்தால் அது நீரைப் பின்னே தள்ளாது. கணுக்கால் மிக இறுகியவர்கள் பலகையைப் பிடித்து உதைக்கும்போது நின்ற இடத்திலேயே நிற்பதும், சிலவேளை பின்னோக்கி நகர்வதும் உண்டு.

கிக்போர்டுப் பயிற்சிகள்

இப்பயிற்சிகளை இடுப்பளவு ஆழமுள்ள பகுதியில் செய்ய வேண்டும். கிக்போர்டு என்னும் மிதவைப் பலகை உயிர்காப்புக் கருவி அன்று.

முதல் பயிற்சி: பலகையின் கீழ்விளிம்பை இரு கைகளாலும் லேசாகப் பிடித்து, கைகளை நீட்டி, முகத்தை நீரில் வைத்து உதைக்கவும். நீருக்குள் மெல்ல மூச்சை விட்டு, தேவைப்படும்போது முகவாயை மட்டும் சற்று உயர்த்தி மூச்செடுத்து, முகத்தை உடனே திரும்ப வைக்கவும். முழங்கைகளைப் பலகைமீது ஊன்றக் கூடாது. ஊன்றினால் மார்பு உயர்ந்து கால் தாழும்.

இரண்டாம் பயிற்சி: மல்லாந்து படுத்து, கைகளை நீட்டிப் பலகையைத் தொடைக்கும் முழங்காலுக்கும் மேலாகப் பிடித்து உதைக்கவும். முழங்கால் பலகையில் இடித்தால், உதை இடுப்பிலிருந்து வராமல் மிதிவண்டி மிதிப்பதுபோல் முழங்காலிலிருந்து வருகிறது என்று பொருள்.

எடுத்துக்காட்டு

25 மீட்டர் குளத்தில் ஒருவர் தலையை நிமிர்த்தி, பலகையைப் பிடித்து உதைக்கிறார் என்று கொள்வோம். பாதி தூரத்திலேயே களைத்துவிடுகிறார். கால்கள் ஆழத்தில் கிடக்கின்றன. அவர் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். முதலில் அதே வேகத்தில், முகத்தை நீரில் வைத்து உதைக்கிறார். குதிகால் நீர்ப்பரப்பை நெருங்கினால், குறை தலையில் இருந்தது. கால் இன்னும் தாழ்ந்திருந்தால் இரண்டாம் பயிற்சி செய்து பார்க்கிறார். முழங்கால் இடித்தால் தொடையிலிருந்து உதைக்கப் பழகுகிறார். இடிக்காமலும் நகராமலும் இருந்தால் கணுக்காலைக் கவனிக்க வேண்டும். பயிற்சிக்கு நான்கு முறை 25 மீட்டர், இடையே அரை நிமிட ஓய்வு போதும். களைத்தபின் தொடர்ந்தால் பழைய முழங்கால் உதையே திரும்பும்.

பாதத்திலோ கெண்டைக்காலிலோ தசைப்பிடிப்பு வந்தால், விரல்களை மிகையாக விறைத்து நீட்டியதே பெரும்பாலும் காரணம். உடனே நிறுத்தி, விரல்களைத் தன் பக்கமாக மெல்ல இழுத்துவிட வேண்டும்.

வரம்புகள்

தொடைத் தசைகள் பெரியவை. கடுமையாக உதைத்தால் ஆக்சிசன் விரைவில் செலவாகும். பிரீஸ்டைலில் நீச்சலாளரை முன்னே செலுத்துவது பெரும்பாலும் கைகளே. எனவே நெடுந்தூரம் நீந்துபவருக்குக் காலை மேலே வைத்திருக்கும் அளவுக்கு மெல்லிய உதையே போதும். பலகை கைகளைத் தாங்குவதால், அதைக் கொண்டு நன்றாக உதைப்பவருக்கும் பலகை இல்லாதபோது கால் மீண்டும் தாழலாம். அதனால் ஒவ்வொரு பலகைச் சுற்றுக்குப் பின்னும், அதே தலை நிலையுடன் பலகையின்றி ஒரு சுற்று நீந்திப் பார்ப்பது நல்லது.