கேட்டதும் எழுதியதும் – 9: மூன்று ‘ஆமா’க்களை எண்ணலாமா?

குழு உரையாடலுக்கு யாரை அழைப்பது என்று சென்ற வாரமே முடிவாகிவிட்டது: கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் பெண்கள் ஒரு குழு, இயந்திரம் பிடிக்கும் ஆண்கள் இன்னொரு குழு, கங்காணி இரண்டிலும் இல்லை. இந்த வாரம் பதிவைப் பகுத்துப் பார்ப்பதாக வாக்கு. அதற்கு முன்னால் 1941 நவம்பரில் நியூயார்க்கில் நடந்த ஒரு மாலையைச் சொல்லாமல் தீராது.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டனையும் அவர் மனைவியையும் அங்கேயே இருந்த சக சமூகவியலாளர் பால் லாசர்ஸ்ஃபெல்ட் இரவு விருந்துக்கு அழைத்திருந்தார். போனதும் விருந்து ஒத்திப்போடப்பட்டது. வாசலிலிருந்தே மெர்ட்டனை ஒரு வானொலி நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனார் லாசர்ஸ்ஃபெல்ட். அங்கே சிலர் உட்கார்ந்து ஒரு நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிடிக்காத இடத்தில் சிவப்புப் பொத்தான், பிடித்த இடத்தில் பச்சைப் பொத்தான். முடிந்ததும் ஒருவர் அவர்களிடம் காரணம் கேட்கத் தொடங்கினார். மெர்ட்டனுக்குப் பொறுக்கவில்லை. துண்டுச் சீட்டுகளில் எழுதி லாசர்ஸ்ஃபெல்டிடம் நீட்டிக்கொண்டே இருந்தார். கேள்வி கேட்பவர், பொத்தான் அழுத்தப்பட்ட அந்தக் கணத்துக்குத் திரும்பாமல் பொதுவாகக் கேட்கிறார், பதிலைத் தானே ஒரு பக்கம் சாய்க்கிறார் என்பது அவர் குறை. “அப்படியானால் அடுத்த குழுவை நீங்களே கேளுங்கள்” என்று அவரையே உட்கார வைத்துவிட்டார் லாசர்ஸ்ஃபெல்ட். மனைவிமார் காத்திருந்த விருந்து என்னவாயிற்றோ, குழு உரையாடல் என்ற ஆய்வுமுறையின் பிறப்புக் கதைகளில் இது ஒன்றாயிற்று. 1946-இல் மெர்ட்டன், பட்ரீஷியா கெண்டலுடன் சேர்ந்து இந்தக் கேள்விமுறையைக் கட்டுரையாகவே எழுதினார்.

அந்தத் துண்டுச் சீட்டுகள் இன்றைக்கும் கேமரன் மலைக்குப் பொருந்தும். ஒரு மாதிரி உரையாடலை வைத்துப் பார்க்கலாம். இடம் கோயில் மண்டபம். தோட்ட அலுவலகம் அல்ல. பெண்கள் ஏழு பேர். நெறியாளர், “மிஷின் வந்ததைப் பற்றி என்ன நினைக்கிறீங்க?” என்கிறார்.

மூத்தவர்: மிஷின் வந்ததுல நமக்கு ஒண்ணும் குறையில்ல.
மூவர்: ஆமா… ஆமா… ஆமா.
(4 வினாடி மௌனம்)
இளையவர்: குறையில்லதான்… ஆனா சரிவுல எங்களத்தானே—
மூத்தவர் (இடைமறித்து): அதெல்லாம் எப்பவும் உள்ளதுதான்.
(சிரிப்பு)

அவசரத்தில் பகுப்பவர், ‘இயந்திரத்தை நான்கு பேர் ஏற்கிறார்கள்’ என்று எழுதிவிடுவார். ஆனால் இங்கே இருப்பது ஒரே ஒரு கருத்து. பின்னால் வந்த மூன்று ‘ஆமா’க்களில் சொந்த அனுபவம் எதுவும் சேரவில்லை, மூத்தவருக்குக் கொடுத்த மரியாதையாகவும் அவை இருக்கலாம். உடன்பாடு உண்மையா என்பதற்கு ஒரு சோதனை உண்டு: ஆமோதித்தவர் தன் பக்கத்திலிருந்து ஒரு சம்பவத்தைச் சேர்க்கிறாரா? சேர்த்தால் அது தனிச் சான்று. சேர்க்காவிட்டால் அதை ஆமோதிப்பு என்று மட்டும் குறிக்க வேண்டும், எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது.

இளையவரின் பாதி வாக்கியம்தான் இந்தப் பக்கத்தின் புதையல். இயந்திரம் மட்டமான பகுதிகளுக்குப் போய்விட, செங்குத்தான சரிவுகள் கையால் எடுப்பவர்களுக்கே மிஞ்சுகின்றனவோ என்ற சந்தேகம் அதில் எழுகிறது. எழுத்துப்படியில் மௌனத்தையும் இடைமறிப்பையும் குறிக்காமல், வாக்கியங்களை இலக்கணமாகத் திருத்தி எழுதியிருந்தால் அது காணாமலே போயிருக்கும்.

இதைப் பிடிக்க ஒலிப்பதிவு மட்டும் போதாது. ஏழு குரல்கள் ஒன்றின்மேல் ஒன்று விழும். தகரக் கூரையில் மழை பெய்தால் பாதி கேட்காது. அதனால்தான் நெறியாளருக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பாளர் உட்கார வேண்டும். பேசியதை முழுவதும் எழுதுவது அவர் வேலை அல்ல. யார் பேசினார், அவர் சொன்ன முதல் இரண்டு சொற்கள், தலையாட்டியவர் யார், முகம் திருப்பியவர் யார் என்று வரிசையாகக் குறித்தால் போதும். பிறகு எழுத்துப்படியில் குரலுக்கு ஆளைப் பொருத்த அந்தத் தாள்தான் கைகொடுக்கும். ஒருமணி நேரப் பதிவை எழுத ஒரு முழு வேலைநாளாவது ஒதுக்க வேண்டும்.

கூட்டம் நடக்கும்போதே நெறியாளர் என்ன செய்திருக்கலாம்? இளையவரைப் பார்த்து, “நீங்க சொல்ல வந்ததைச் சொல்லுங்க” என்றால் மூத்தவருக்கு எதிரில் அவரை நிறுத்தியதாகும். மறுநாள் அதே லயத்தில் அருகருகே வாழப் போகிறவர்கள். மெர்ட்டன் கேட்டபடி குறிப்பான கணத்துக்குப் போவது நல்லது: “நேத்து உங்களை எந்தப் பக்கம் விட்டாங்க? ஒவ்வொருத்தரா சொல்லுங்க.” இதில் மறுக்க வேண்டிய கருத்து எதுவும் இல்லை, நடந்ததைச் சொன்னால் போதும். ஏழு பதில்களிலும் சரிவு திரும்பத் திரும்ப வந்தால் தடம் கிடைத்துவிட்டது. பேசியவை வெளியே போகாது என்று நெறியாளர் தன் சார்பில் மட்டுமே உறுதி தர முடியும், அந்த ஏழு பேரின் வாய்க்கு அவர் பொறுப்பேற்க முடியாது. இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

கிடைத்தது தடம் மட்டுமே. எத்தனை சதவீதத் தொழிலாளர்கள் அப்படி நினைக்கிறார்கள் என்று ஒரு குழுவை வைத்துச் சொல்ல முடியாது. 1987-இல் பழைய நினைவுகளை எழுதிய மெர்ட்டன், குழு உரையாடல் புதிய ஊகங்களைத் தருவதற்கே என்பதை மீண்டும் வலியுறுத்தினார்.

பகுப்புக் குறியீடுகளை எப்படி இடுவது என்பது இந்த வாரம் இடமின்றி நின்றுபோனது. அடுத்த வாரம் இயந்திரம் பிடிக்கும் ஆண்கள் குழு. சரிவுகளைப் பற்றி அவர்கள் தாமாகப் பேசுகிறார்களா, கேட்டால்தான் பேசுகிறார்களா என்று இரண்டு எழுத்துப்படிகளையும் அருகருகே வைத்துக் குறியிடுவோம்.