பெரியப்பா எந்த நாளில் வந்து இறங்கணும்?

காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டில் கல்யாணம் என்றால், பத்திரிகை அடித்து வந்ததும் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, குங்குமத்தோடு அதை வைத்துக்கொண்டு பெரியவர்கள் இரண்டு பேர் கிளம்புவார்கள். வீடு வீடாகப் போய், உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, அழைத்துவிட்டு வருவார்கள். அந்தப் பத்து நிமிஷத்தில் அழைப்பு மட்டும் நடப்பதில்லை. "வரவேற்பு முந்தின நாள் சாயங்காலமா? எங்கே தங்குறது? பஸ் ஸ்டாண்டிலிருந்து மண்டபம் எவ்வளவு தூரம்?" என்று வீட்டுக்காரர் கேட்பார், வந்தவர் பதில் சொல்வார்.

கோலாலம்பூரில் இருக்கிற பெரியப்பா வீட்டுக்கும் டொரண்டோவில் இருக்கிற சித்தி மகன் வீட்டுக்கும் தாம்பாளத்தோடு போக முடியாது. அந்த இடத்தை நிரப்பத்தான் இன்று ஃபேஸ்புக் பதிவு வந்திருக்கிறது. பதிவில் அழைப்பு இருக்கிறது. திண்ணையில் நடந்த கேள்வியும் பதிலும் விட்டுப்போகின்றன. தூரத்திலிருந்து வருகிறவருக்கோ அந்தப் பதில்கள்தான் டிக்கெட்டை முடிவு செய்கின்றன.

எடுத்துக்காட்டுக்கு ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். மூத்த மகளுக்குக் கல்யாணம், காரைக்குடியில் மண்டபம். அப்பா பத்திரிகையைப் படம் எடுத்துப் போட்டு, மேலே இப்படி எழுதுகிறார்:

"இறைவன் அருளாலும் பெரியோர்கள் ஆசியாலும் எங்கள் இல்லத் திருமண வரவேற்பு 07/02 அன்று மாலை நடைபெறும். வெளிநாடு வாழ் உறவினர்கள், நண்பர்கள் அனைவரும் வருகை தந்து மணமக்களை வாழ்த்த அன்புடன் அழைக்கிறோம்."

உள்ளூரில் இதைப் படிக்கிறவருக்கு ஒரு குழப்பமும் இல்லை. ஆனால் அமெரிக்காவில் மாதத்தை முதலில் எழுதுவார்கள். அங்கே பிறந்து வளர்ந்த அண்ணன் மகனுக்கு 07/02 என்றால் ஜூலை 2. அது அவனுக்குப் பள்ளி விடுமுறைக் காலம்; நம் கணக்கில் ஆனி மாதம், கல்யாணம் நடக்கிற மாதம்தான். ஆகவே அவனுக்குச் சந்தேகமே வராது. "ஜூலையில் வர்றோம் சித்தப்பா" என்று பதில் எழுதுவான். பதிவு போட்டவரோ "ஜூலை" என்ற சொல்லைக் கவனிக்காமல் ஒரு இதயத்தை அழுத்திவிட்டுப் போய்விடலாம். மாதத்தை எழுத்தில் எழுதி, கிழமையையும் வருஷத்தையும் சேர்த்துவிட்டால் இந்தத் தவறு நடக்க வழியே இல்லை: 2026 பிப்ரவரி 7, சனிக்கிழமை.

இதைவிடப் பெரிய சிக்கல் "வரவேற்பு" என்ற சொல்லிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் பல வீடுகளில் வரவேற்பு கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலையே நடந்துவிடுகிறது. மேலை நாடுகளில் அது தாலி கட்டிய பிறகு வருகிற விருந்து. இலங்கையிலும் மலேசியாவிலும் பெரும்பாலும் அப்படித்தான். "ஞாயிற்றுக்கிழமை கல்யாணம், பிறகு வரவேற்பு" என்று மனதில் வைத்துக்கொண்டு கனடாக்காரர் டிக்கெட் எடுத்தால், வியாழக்கிழமை மாலை டொரண்டோவில் ஏறி, சனிக்கிழமை விடியற்காலையில் சென்னையில் இறங்குவார். அவருக்கு ஒரு நாள் முழுக்க மிச்சம் இருப்பதாகத் தோன்றும். எழும்பூரிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸ் பிற்பகலில் கிளம்பி இரவில்தான் காரைக்குடிக்கு வந்து சேரும். அவர் பெட்டியோடு மண்டபத்துக்குள் நுழையும்போது மேடையில் பூ வாடியிருக்கும், மணமக்கள் அறைக்குப் போயிருப்பார்கள். "முந்தின நாள்" என்ற இரண்டு சொல் இல்லாததால் வந்த வினை அது.

அதே அப்பா, வீட்டில் பேசிப் பார்த்துவிட்டு, பதிவைத் திருத்தி இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

"எங்கள் பெரியவளுக்குக் காரைக்குடியில் கல்யாணம். வரவேற்பு, கல்யாணத்துக்கு முந்தின நாள்: 2026 பிப்ரவரி 7, சனிக்கிழமை, இந்திய நேரப்படி மாலை 6.30 மணி. முகூர்த்தம் மறுநாள் பிப்ரவரி 8, ஞாயிற்றுக்கிழமை காலை. இரண்டும் ஒரே மண்டபத்தில்.

கடல் தாண்டி இருக்கிற உங்கள் வீடுகளுக்குத் தாம்பாளத்தோடு வர முடியவில்லை. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தூக்கி வைத்துக்கொண்டவர்களில் பாதிப் பேர் இன்று வெளிநாட்டில்தான் இருக்கிறீர்கள். மேடையில் அவள் நிற்கும்போது நீங்கள் எதிரில் இருக்கணும்.

வெள்ளிக்கிழமை இரவுக்குள் ஊருக்கு வந்துவிட்டால் அலுப்பு தீர்ந்து சனிக்கிழமை நிம்மதியாக இருக்கலாம். திருச்சி, மதுரை இரண்டு விமான நிலையத்துக்கும் வண்டி அனுப்புகிறோம். தங்க அறை எடுத்து வைக்கிறோம். எத்தனை பேர், எந்த விமானம் என்று டிசம்பர் 15-க்குள் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள்."

இதில் அலங்காரம் குறைவு. ஆனாலும் முதல் பதிவைவிட இதில் அன்பு அதிகம் தெரிகிறது. "அனைவரும் வருக" என்று எல்லோரையும் கூப்பிடும்போது யாருக்கும் தன்னைக் கூப்பிட்டதாகத் தோன்றுவதில்லை. "தூக்கி வைத்துக்கொண்டவர்கள்" என்றதும் கோலாலம்பூர் பெரியம்மாவுக்குத் தன் கை ஞாபகம் வரும். "வண்டி அனுப்புகிறோம்" என்ற வரியும் அன்புதான். காரைக்குடிக்குத் திருச்சியும் சரி, மதுரையும் சரி, சுமார் 90 கிலோமீட்டர் தள்ளியிருக்கின்றன. இருபது வருஷம் கழித்து ஊருக்கு வருகிறவருக்கு அந்தக் கடைசி 90 கிலோமீட்டர்தான் கவலை.

பத்திரிகைப் படத்தோடு நிறுத்தாமல் விவரங்களைப் பதிவில் எழுத்தாகவே தருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. படத்தில் இருக்கிற பொடி எழுத்தைப் போனில் படிப்பது சிரமம். அத்துடன், வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. எழுத்தாக இருக்கும் பதிவை ஃபேஸ்புக்கிலேயே மொழிபெயர்த்துப் பார்த்துக்கொள்ளலாம். அதிலும் தேதியும் நேரமும் பிசகக்கூடாது என்றால், கடைசியில் அந்த விவரத்தை மட்டும் ஆங்கிலத்தில் இரண்டு வரி சேர்த்துவிடுவது நல்லது.

வர முடியாதவர்களுக்காக வரவேற்பை நேரலையில் காட்டுகிற வீடுகள் உண்டு. அப்போது "மாலை 6.30" மட்டும் போதாது. பிப்ரவரியில் இந்தியாவில் மாலை 6.30 என்றால் லண்டனில் பகல் 1 மணி, டொரண்டோவில் காலை 8 மணி, சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இரவு 9 மணி. சிட்னியில் நள்ளிரவு 12. அங்கே தேதியே 8 ஆகிவிடும். இதே நிகழ்ச்சி ஜூன் மாதத்தில் நடந்தால் லண்டனுக்கும் டொரண்டோவுக்கும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். கோடையில் அங்கே கடிகாரத்தை முன்னால் நகர்த்தி வைத்திருப்பார்கள். உறவினர் இருக்கிற ஊர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கைப் போட்டு ஒரு வரியில் கொடுத்தால் போதும்.

பதிவை யார் பார்க்கலாம் என்பதை எழுதி முடித்த கையோடு பார்த்துக்கொள்ள வேண்டும். பதிவின் மேலேயே அந்தத் தேர்வு இருக்கிறது. அது Public என்று இருந்தால் ஊர் உலகமே பார்க்கும். நம் பத்திரிகையில் தாத்தா பெயர் முதல் வீட்டு முகவரி, இரண்டு மூன்று போன் எண் வரை அச்சாகியிருக்கும். எந்த இரண்டு நாள் வீட்டில் ஆள் இருக்க மாட்டார்கள் என்பதும் அதிலிருந்தே தெரிந்துவிடும். Friends என்று மாற்றுவதே சரி. அப்படி மாற்றியும் ஒரு கதவு திறந்திருக்கும்: பதிவில் யாரையாவது டேக் செய்தால், அவருடைய நண்பர்களும் அதைப் பார்க்க வாய்ப்பு உண்டு. மருமகன் தன் அலுவலக நண்பர்கள் அறுபது பேரை டேக் செய்வதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

பணம் பற்றிய எதுவும் பதிவில் இருக்கக்கூடாது. வெளிநாட்டிலிருந்து மொய் அனுப்ப விரும்புகிறவர் தானே கேட்பார். அப்போது தனியாகச் சொல்லிக்கொள்ளலாம். வங்கிக் கணக்கு எண்ணைப் பதிவிலேயே போட்டால் கேட்டு வாங்குவதுபோல ஆகிவிடும். அதைவிட, அதே புகைப்படத்தை வைத்துப் போலிக் கணக்கு தொடங்கி, வேறு எண்ணைக் கொடுத்து ஏமாற்றுகிறவர்களுக்கு அது வசதி. அழைப்பிதழைக் கோப்பாக அனுப்புவதும் இப்போது எடுபடுவதில்லை. கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வாட்ஸாப்பில் ஏபிகே கோப்பு அனுப்பிப் போனில் ஊடுருவும் மோசடி பற்றி 2024-இல் இமாச்சலப் பிரதேச போலீஸ் எச்சரித்தது. அதிலிருந்து, தெரிந்தவர் பெயரில் வந்தாலும் கோப்பைத் தொடப் பலர் பயப்படுகிறார்கள். திறக்க வேண்டிய அவசியமே இல்லாத அழைப்புதான் இன்று நம்பிப் படிக்கப்படுகிறது.

எப்போது போடுவது? பதிவு போட்டவுடன் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்துவிடும் என்று நினைக்கிறோம். ஃபேஸ்புக் அதைச் சிலருக்கு உடனே காட்டும், சிலருக்கு மூன்று நாள் கழித்துக் காட்டும், சிலருக்குக் காட்டாமலே விட்டுவிடும். பிப்ரவரி கல்யாணத்துக்கு நவம்பர் தொடக்கத்திலேயே போட்டால்தான் விடுப்புச் சொல்லவும் டிக்கெட் எடுக்கவும் அவகாசம் இருக்கும். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர்களில் ஓசிஐ அட்டை இல்லாதவர் விசாவும் எடுக்க வேண்டும். உறவினரைப் பார்க்க வருவதற்கான இ-விசாவைக் குறைந்தது நான்கு நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. கடைசி வாரம் வரை காத்திருந்தால் அந்த நான்கு நாளும் மலைபோலத் தெரியும். அரசின் தளம் indianvisaonline.gov.in ஒன்றுதான். அதேபோலத் தோற்றமளிக்கும் வேறு தளங்கள் கூடுதல் காசு வாங்குகின்றன என்பதால், இந்த முகவரியைக் கேட்கிறவர்களுக்குக் கமெண்டில் எழுதிவிடலாம்.

பதிவுக்கு 180 லைக் வந்தால் எத்தனை இலை போடுவது? அந்தக் கணக்குக்கு லைக் உதவாது. "வாழ்த்துகள்", "பார்க்கலாம்" என்பதெல்லாம் வருகிறேன் என்ற பதில் ஆகாது. தேதி குறித்து, ஆட்களின் எண்ணிக்கையையும் விமானத்தையும் கேட்டிருப்பதால்தான் அறை எத்தனை, வண்டி எத்தனை என்று சொல்ல முடிகிறது. பதில்களை வாங்கிக் குறித்துக்கொள்ள வீட்டில் ஒரே ஆள் இருப்பது நல்லது. ஃபேஸ்புக் நட்பில் இல்லாதவர் அனுப்பும் செய்தி Message requests என்ற தனி இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். இரண்டு நாளுக்கு ஒரு தடவை அதையும் திறந்து பார்க்க வேண்டும். இல்லையென்றால், பாரிஸிலிருந்து வருவதாக எழுதிய அத்தைக்குப் பதிலே போகாமல், "கூப்பிட்டுட்டுக் கண்டுக்கலை" என்ற மனத்தாங்கல் மிஞ்சும்.

இத்தனைக்கும் முன்னால் நடக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு: போன். பெரியப்பா, தாய்மாமா, அத்தை என்று முறைக்காரர்கள் ஒவ்வொருவரையும், பதிவு போடுவதற்கு முந்தின வாரமே, அப்பாவும் அம்மாவும் சேர்ந்து கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். பேரனின் போனில் அந்தப் பதிவைப் பார்த்துத்தான் தம்பி மகளுக்குக் கல்யாணம் என்று பெரியப்பா தெரிந்துகொண்டால், அதற்குப் பிறகு எத்தனை முறை வருத்தம் தெரிவித்தாலும் அந்த வடு ஆறாது. அவர் அதைப் பத்து வருஷம் கழித்தும் சொல்வார். சொல்ல அவருக்கு உரிமையும் உண்டு.

மண்டபமோ நேரமோ மாறினால் பழைய பதிவை நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுகிறார்கள். பழையதைப் படித்து மனதில் வைத்திருப்பவருக்கு அது தெரியாமலே போகலாம். அதே பதிவின் முதல் வரியில் "மாற்றம்" என்று எழுதித் திருத்துவது மேல். ஆனால் திருத்தினால் யாருக்கும் மணி அடிக்காது. அதனால் கீழே ஒரு கமெண்டும் எழுத வேண்டும். ஏற்கெனவே கமெண்ட் போட்டவர்களுக்கு அறிவிப்பு போகும் வாய்ப்பு அப்படித்தான் உண்டு. டிக்கெட் எடுத்துவிட்டவர்களுக்குத் தனியாகச் செய்தி அனுப்பலாம். கோலாலம்பூர் பெரியப்பாவுக்கு மட்டும் மறுபடியும் போன்தான்.