நோக்கவுரைக்கு மதிப்பெண் இடுதல்

முதுகலைப் படிப்பில் சேர விழையும் மாணவர் விண்ணப்பத்தோடு இணைக்கும் நோக்கவுரையை மதிப்பிடுங்கால் நாம் மூன்று வினாக்களை எழுப்புகிறோம். இஃது இவரது சொந்தக் கூற்றா? கருத்துகள் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிறக்கின்றனவா? இப்படிப்புக்கு இவர் ஏற்றவர் என்பதற்குச் சான்றுண்டா? மொத்தம் 20 மதிப்பெண் எனில், முதலிரண்டுக்கும் தனித்தனியே 6, இறுதியதற்கு 8 எனப் பகுத்துக்கொள்வோம்.

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டமொன்றில் வளர்ந்த மாணவி ஒருவர் மொழியியல் முதுகலைக்கு விண்ணப்பிப்பதாகக் கொள்வோம். அவரது முதல் வரைவு இவ்வாறு அமைகிறது: "சிறுவயது முதலே எனக்கு மொழியின்மீது தீராத ஆர்வம். என் பெற்றோர் கொழுந்து பறித்து என்னைப் படிக்கவைத்தனர். கடினமாக உழைப்பேன்."

பெயரை மறைத்துவிட்டுப் படித்தால், தோட்டத்துப் பிள்ளைகள் பலரும் இதில் கையொப்பமிடலாம். ஆகவே சொந்தத்தன்மைக்கு 2. மூன்று வாக்கியங்களையும் இடம் மாற்றினாலும் பொருள் கெடவில்லை, அமைப்புக்கும் 2. பெற்றோரின் உழைப்பு மதிப்பிற்குரியதே. ஆயினும் அது மொழியியலுக்குரிய தகுதியைக் காட்டவில்லை. பொருத்தத்திற்கு 1. மொத்தம் 5. இரக்கத்தால் இதனை உயர்த்துவது, அம்மாணவியின் உண்மையான ஆற்றலைத் தேடாது விடுவதாகும்.

திருத்திய வரைவைக் காண்போம்: "காலையில் வேலையாட்கள் கூடுவதைப் பாட்டி 'பெரட்டு' என்பார். அஃது ஆங்கிலப் 'பரேட்' என்று பின்னர் அறிந்தேன். 'கிராணி' என்ற சொல் மலாய்வழி வந்ததா, இந்தியாவிலிருந்தே வந்ததா எனும் ஐயம் அதனால் எழுந்தது. ஓய்வுபெற்ற தொழிலாளர் 6 பேரின் பேச்சைப் பதிவுசெய்து 80 சொற்களைத் தொகுத்தேன். ஆயினும் சொல் கடந்துவந்த வழியை ஒலிமாற்றத்தைக் கொண்டு முடிவுசெய்யும் முறை எனக்குத் தெரியவில்லை."

இங்கே பாட்டியின் சொல் வினாவை எழுப்புகிறது. வினா தேடலுக்கு இட்டுச்செல்கிறது. தேடல் ஓர் எல்லையில் நிற்கிறது. அவ்வெல்லையே படிப்பின் தேவையைப் புலப்படுத்துகிறது. சொந்தத்தன்மைக்கும் அமைப்புக்கும் 5 வீதம் இடலாம். பொருத்தத்திற்கு 6, இப்படிப்பின் எந்தப் பாடம் அக்குறையை நீக்கும் என்று கூறாமையால் 2 குறைகிறது. வரலாற்று மொழியியல் பாடத்தைச் சுட்டி ஒரு வாக்கியம் சேர்த்திருந்தால் அதுவும் கிட்டியிருக்கும். மொத்தம் 16.

இம்முறைக்கும் எல்லையுண்டு. விவரம் நிறைந்திருப்பதாலேயே ஒரு கூற்று உண்மையாகிவிடாது. பிறர் எழுதித் தந்ததாகவும் இருக்கலாம். நேர்காணலில் "அந்த 80 சொற்களுள் வகைப்படுத்த இயலாதது எது?" என்று வினவினால், தொகுத்தவர் தம் இடர்ப்பாட்டையே விடையாகக் கூறுவார், தொகுக்காதவர் பொதுமொழிக்குத் திரும்புவார்.

மதிப்பிடுவோர் இருவர் தனித்தனியே மதிப்பெண் இடுதல் நன்று. வேறுபாடு 3-க்கு மேற்படின் சராசரி காணாது, ஒவ்வொருவரும் தம் மதிப்பெண்ணுக்குக் காரணமான வரியைச் சுட்டுதல் வேண்டும். வரியைச் சுட்ட இயலாத மதிப்பெண் மாற்றத்தக்கது.