ஆர்டர் ஏன் ‘Processing’-இலேயே நிற்கிறது?

பணம் போய் நான்கு நாளாகியும் ஆர்டர் ‘Processing’ என்றே காட்டினால், பொருள் கிடங்கிலேயே இல்லாமல் இருக்கலாம் என்பதுதான் என் முதல் சந்தேகம். தளத்தில் தெரியும் இருப்பு கணினியில் பதிவான எண் மட்டுமே. ஒரு மிக்சி உடைந்து, அதைக் கணக்கிலிருந்து யாரும் கழிக்கவில்லை என்று வையுங்கள். கணினி ‘1’ என்றே காட்டும், உங்கள் ஆர்டரையும் ஏற்கும். எடுக்கப் போகிறவர் காலி அலமாரியைப் பார்ப்பார். விற்பவர் புதுச் சரக்குக்குக் காத்திருப்பார். உங்கள் திரையில் எதுவும் மாறாது. இதைக் கண்டறிய, அதே விற்பனையாளரின் பக்கத்தில் அதே பொருளைத் தேடுங்கள். ‘இருப்பு இல்லை’ என்று வந்தால் சந்தேகம் வலுக்கிறது.

பண்டிகை நெரிசலாக இருக்கலாமே என்று கேட்கலாம். இருக்கலாம். ஆனால் நெரிசலில் சிக்கியது ஓரிரு நாளில் நகரும். சொன்ன அனுப்பும் தேதி தாண்டி, புதுத் தேதியும் தராவிட்டால் ரத்து செய்வதே சரி. அனுப்பிய பிறகு ரத்து செய்தால், பொருள் திரும்பிச் சேரும்வரை பணத்துக்குக் காத்திருக்க நேரும். தள்ளுபடி விலை போய்விடுமே என்பது நியாயமான கவலைதான். வேறு கடையில் விலை கணிசமாகக் கூடுதல், அவசரமும் இல்லை என்றால் பொறுக்கலாம். ரத்து செய்வதானால், இந்தியாவின் 2020 மின்வணிக விதிகளின்படி, தான் ரத்து செய்யும்போது அதேபோன்ற கட்டணத்தை ஏற்காத நிறுவனம் உங்களிடம் ரத்துக் கட்டணம் கேட்க முடியாது.